உரையில் பின்வாங்காமல் சொல் தேடுவது: முன்னொட்டு அட்டவணை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வோர் இடத்திலும் சொல்லை வைத்துப் பார்த்துக்கொண்டே போனால் எப்படியும் கிடைத்துவிடுகிறதே. அதில் என்ன குறை?

பெரும்பாலான நாட்களில் ஒரு குறையும் இல்லை. செய்திக் கட்டுரை ஒன்றில் ஏதோ ஒரு சொல்லைத் தேடும்போது, முதல் எழுத்திலேயே முக்கால்வாசி இடங்கள் கழிந்துவிடும். இரண்டாம் எழுத்தைத் தாண்டுவதே அரிது.

தொல்லை எழுவது, ஒரே மாதிரி எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் உரையில்தான். பத்து லட்சம் `a` வரிசையாக நிற்கும் ஒரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேடுவது 999 `a`வும் கடைசியில் ஒரு `b`யும் கொண்ட சரம். ஒவ்வோர் இடத்திலும் 999 எழுத்துகள் பொருந்தி, ஆயிரமாவதில் தவறும். உடனே ஓர் எழுத்து மட்டும் நகர்ந்து மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறோம். மொத்த ஒப்பீடுகள் 99,90,01,000. ஏறத்தாழ நூறு கோடி. முன்னொட்டு அட்டவணையோடு தேடினால் அதே வேலை இருபது லட்சம் ஒப்பீடுகளைத் தாண்டாது. இது வகுப்பறைக்காகச் செய்த உதாரணம் என்று ஒதுக்க வேண்டாம். பூஜ்ய பைட்கள் நிரம்பிய கோப்புகளும், ஒரே துணுக்கு நூற்றுக்கணக்கான முறை வரும் மரபணு வரிசைகளும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

எண்ணிக்கையைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. 999 எழுத்துகள் பொருந்தின என்றால், உரையின் அந்த 999 எழுத்துகளும் என்னவென்று நமக்குத் தெரிந்துவிட்டது. ஓர் எழுத்து தவறியதற்காக அவ்வளவையும் மறந்துவிட்டு, திரும்பிப் போய் அவற்றையே மறுபடி படிக்கிறோம்.

முன்னொட்டு அட்டவணை என்றால் என்ன? அதில் எதை எண்ணி எழுதுகிறோம்?

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: அட்டவணை தேடப்படும் சொல்லைப் பற்றியது மட்டுமே. எந்த உரையில் தேடப் போகிறோம் என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உரையைத் திறக்கும் முன்பே எழுதி முடித்துவிடலாம்.

சொல்லின் ஒவ்வோர் எழுத்திலும் நின்று, அதுவரை உள்ள பகுதியைப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்கிறோம்: இந்தப் பகுதியின் தொடக்கமாகவும் முடிவாகவும் ஒருசேர இருக்கும் மிக நீளமான துண்டு எத்தனை எழுத்து? முழுப் பகுதியையே துண்டாகக் கொள்ளக் கூடாது. அது எப்போதும் தனக்குத் தானே பொருந்தும், அதனால் பயனில்லை.

'கலகலப்பு' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்தால் க, ல, க, ல, ப், பு என்று ஆறு. 'க' மட்டும் இருக்கும்போது 0. 'கல' என்பதில் தொடக்கம் 'க', முடிவு 'ல', பொருந்தவில்லை, 0. 'கலக' என்பதில் தொடக்கத்திலும் 'க', முடிவிலும் 'க', எனவே 1. 'கலகல' என்பதில் முன்னும் பின்னும் 'கல', எனவே 2. 'ப்' சேர்ந்தவுடன் அந்த ஒற்றுமை உடைகிறது, 0. 'பு' சேர்ந்தாலும் 0.

```
எழுத்து :  க  ல  க  ல  ப்  பு
அட்டவணை:  0  0  1  2  0   0
```

தேடும்போது அந்த எண்கள் எப்படி உதவுகின்றன? ஓர் எடுத்துக்காட்டை முழுக்கச் செய்து காட்டுங்கள்.

தட்டச்சுப் பிழையாக ஒருவர் 'கலகலகலப்பு' என்று அடித்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். உரையில் எட்டு எழுத்துகள்: க, ல, க, ல, க, ல, ப், பு. அதற்குள் 'கலகலப்பு' இருக்கிறதா என்று பார்க்கிறோம்.

முதல் நான்கு எழுத்துகளும் பொருந்துகின்றன. ஐந்தாவதாக உரையில் இருப்பது 'க'. சொல்லில் நாம் எதிர்பார்ப்பது 'ப்'. தவறிவிட்டது. பழைய முறை இந்த இடத்தில் உரையின் இரண்டாம் எழுத்துக்கு ஓடிப் போகும். நாம் போவதில்லை. இதுவரை பொருந்திய 'கலகல' என்ற துண்டுக்கு அட்டவணை என்ன சொல்கிறது என்று பார்க்கிறோம்: 2. அதாவது, இப்போது படித்து முடித்த நான்கு எழுத்துகளில் கடைசி இரண்டு, சொல்லின் முதல் இரண்டாகவும் இருக்கின்றன. எனவே 'கல' ஏற்கெனவே பொருந்தியாயிற்று என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதே ஐந்தாம் எழுத்தைச் சொல்லின் மூன்றாம் எழுத்தோடு ஒப்பிடுகிறோம். இரண்டும் 'க'. பொருந்திவிட்டது. பிறகு 'ல', 'ப்', 'பு' என்று மூன்றும் வரிசையாகப் பொருந்துகின்றன. சொல் உரையின் மூன்றாம் எழுத்தில் தொடங்குகிறது.

எண்ணிப் பார்த்தால் ஒன்பது ஒப்பீடுகள். பழைய முறையில் பன்னிரண்டு. இவ்வளவு சிறிய உரையில் மூன்று ஒப்பீடு மிச்சமானது பெரிதில்லை. உரையின் மேல் வைத்த விரல் ஒருமுறைகூட இடப்பக்கம் நகரவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. சொல்லின் மேல் வைத்த விரல் மட்டும்தான் பின்னால் வந்தது.

பொருந்தாதபோது எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கிவிட்டு உரையில் முன்னேறிக்கொண்டே போனால் போதாதா? அதிலும் பின்வாங்கல் இல்லையே.

போதாது. இருக்கிற சொல்லையே தவறவிட்டுவிடுவீர்கள். மேலே உள்ள 'கலகலகலப்பு' உரையிலேயே செய்து பாருங்கள். ஐந்தாம் எழுத்தில் தவறியதும் பூஜ்யத்துக்கு வருகிறீர்கள். அந்த 'க' சொல்லின் முதல் எழுத்தோடு பொருந்தும், அடுத்த 'ல' இரண்டாவதோடு பொருந்தும். அடுத்து வரும் 'ப்' சொல்லின் மூன்றாம் எழுத்தாகிய 'க'வோடு மோதும். உரை முடிந்துவிடும், 'இல்லை' என்ற விடை வரும்.

'மலர்', 'வீடு' போன்ற சொற்களில் இந்தப் பிழை தலைகாட்டாது. அவற்றின் அட்டவணை முழுக்கப் பூஜ்யம். பூஜ்யத்துக்குப் போவதுதான் அங்கே சரியான விடையும். அதனால்தான் இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். சோதனைக்கு எப்போதும் தன்னைத் தானே திருப்பிச் சொல்லும் சொல்லைத் தேர்ந்தெடுங்கள். தமிழில் இரட்டைக்கிளவிகளுக்குப் பஞ்சமில்லை.

அட்டவணையைக் கையால் நிரப்பிவிடுகிறேன். நிரலில் வரும் `k = t[k - 1]` என்ற வரிதான் புரியவில்லை.

எல்லோரும் வந்து நிற்கும் இடம் இதுதான். முதலில் நிரலைப் பார்ப்போம். பைத்தானில் இவ்வளவுதான்:

```python
def prefix_table(p):
    t = [0] * len(p)
    k = 0
    for i in range(1, len(p)):
        while k > 0 and p[i] != p[k]:
            k = t[k - 1]
        if p[i] == p[k]:
            k += 1
        t[i] = k
    return t
```

`k` என்பது முந்தைய எழுத்துவரை கிடைத்த ஒற்றுமையின் நீளம். புதிய எழுத்து அந்த ஒற்றுமையை ஒன்று நீட்டினால் வேலை எளிது. நீட்டாதபோதுதான் அந்த வரி வேலை செய்கிறது.

'கலகலப்பு' இதற்கு வசதியான உதாரணம் இல்லை. அதில் விழுந்தால் நேரே பூஜ்யம்தான். ஒரு ஸ்வரக் கோவையை எடுத்துக்கொள்வோம்: ஸ ஸ ரி ஸ ஸ ஸ ரி. ஒவ்வொரு ஸ்வரமும் ஓர் எழுத்து என்று கொள்ளுங்கள். முதல் ஐந்துக்கு அட்டவணை 0, 1, 0, 1, 2. ஐந்தாவதில் 2 வந்ததற்குக் காரணம், 'ஸ ஸ ரி ஸ ஸ' என்பதன் முன்னும் பின்னும் 'ஸ ஸ' நிற்பது.

இப்போது ஆறாவது ஸ்வரம் 'ஸ'. கையில் இருக்கும் ஒற்றுமை 2. அதை 3 ஆக்க வேண்டுமானால் மூன்றாவது ஸ்வரமும் 'ஸ' ஆக இருக்க வேண்டும். அங்கே இருப்பதோ 'ரி'. 2 உதவவில்லை. அடுத்துச் சிறிய ஒற்றுமை எது? இங்கேதான் சூட்சுமம். நாம் தேடும் சிறிய துண்டு, முதல் ஐந்து ஸ்வரங்களின் தொடக்கத்திலும் இருக்க வேண்டும், முடிவிலும் இருக்க வேண்டும். இரண்டு ஸ்வரங்களைவிடக் குட்டையானது என்பதால் அது முன்னால் நிற்கும் 'ஸ ஸ'வின் தொடக்கமாகவும், பின்னால் நிற்கும் 'ஸ ஸ'வின் முடிவாகவும் இருந்தே தீர வேண்டும். முன்னது, பின்னது இரண்டும் ஒரே 'ஸ ஸ' தானே? ஆக, கேள்வி இப்படிச் சுருங்குகிறது: 'ஸ ஸ' என்ற துண்டுக்குள் தொடக்கமும் முடிவும் எவ்வளவு ஒன்றுகின்றன? அதற்கான விடையை ஏற்கெனவே இரண்டாம் இடத்தில் எழுதி வைத்திருக்கிறோம்: 1. பைத்தான் 0 இலிருந்து எண்ணுவதால் இரண்டாம் இடம் `t[1]`, அதாவது `t[k - 1]`.

எனவே `k` 2 இலிருந்து 1 ஆகிறது. இப்போது இரண்டாம் ஸ்வரம் 'ஸ', ஆறாவதும் 'ஸ'. பொருந்துகிறது, ஆறாம் இடத்தில் 2 எழுதுகிறோம். ஏழாவது 'ரி' மூன்றாவது 'ரி'யோடு பொருந்த, 3. முழு அட்டவணை 0, 1, 0, 1, 2, 2, 3.

2 உதவவில்லை என்றதும் அவசரப்பட்டுப் பூஜ்யத்துக்குப் போயிருந்தால், ஆறாம் இடத்தில் 1 வந்திருக்கும். ஏழாம் இடத்தில் 3க்குப் பதில் 0 வந்திருக்கும். அட்டவணை கெட்டால் அதன்பின் தேடலை எவ்வளவு கவனமாக எழுதினாலும் பயனில்லை.

தேடும் பகுதியையும் தாருங்கள்.

```python
def search(text, p):
    t = prefix_table(p)
    k = 0
    found = []
    for i, ch in enumerate(text):
        while k > 0 and ch != p[k]:
            k = t[k - 1]
        if ch == p[k]:
            k += 1
        if k == len(p):
            found.append(i - k + 1)
            k = t[k - 1]
    return found
```

முந்தைய நிரலும் இதுவும் உடன்பிறந்தவை போலிருப்பது தற்செயல் இல்லை. அட்டவணை கட்டுவது என்பது சொல்லை அதற்குள்ளேயே தேடுவதுதான்.

முழுச் சொல்லும் கிடைத்தபின் `k` பூஜ்யமாகாமல் `t[k - 1]` ஆவதைக் கவனியுங்கள். 'கலகலகல' என்பதில் 'கலகல'வைத் தேடினால் 0, 2 என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு இடங்களையும் இது சொல்லும். பைத்தானின் `count` அதே உரையில் 1 என்றே சொல்லும். அது ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைக் கணக்கில் கொள்வதில்லை. உங்களுக்கும் அப்படித்தான் வேண்டுமென்றால் அந்தக் கடைசி வரியில் `k = 0` என்று எழுதுங்கள். தேடுசொல் வெற்றாக இருந்தால் `p[k]` பிழை தரும். அதைத் தொடக்கத்திலேயே தனியாகக் கவனித்துவிடுங்கள்.

`for`-க்குள் ஒரு `while` இருக்கிறது. அப்படியிருக்க, ஒப்பீடுகள் உரையின் நீளத்தைப் போல் இரண்டு மடங்குக்குள் அடங்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

`k`வை ஓர் உண்டியல் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உரையின் ஓர் எழுத்தைக் கடக்கும்போது அதில் அதிகபட்சம் ஒரு ரூபாய்தான் விழும். `k += 1` ஒருமுறைதான் நடக்கிறது. `while` சுற்றும் ஒவ்வொரு முறையும் உண்டியலிலிருந்து குறைந்தது ஒரு ரூபாய் வெளியே போகிறது, ஏனெனில் `t[k - 1]` எப்போதும் `k`வைவிடச் சிறியது. போட்டதைவிட அதிகமாக எடுக்க முடியாது. பத்து லட்சம் எழுத்துகளுக்கு அதிகபட்சம் பத்து லட்சம் ரூபாய் விழுந்திருக்கும் என்றால், `while` மொத்தமாகச் சுற்றியதும் பத்து லட்சம் முறைக்குள்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் பொருந்தாத ஓர் ஒப்பீடு, ஒவ்வோர் எழுத்துக்கும் கடைசியாக ஓர் ஒப்பீடு: மொத்தம் இருபது லட்சத்துக்குள். `while` பார்த்ததையே `if` மறுபடி பார்ப்பதைத் தனி ஒப்பீடாக எண்ணவில்லை.

ஓர் எழுத்தில் மட்டும் பார்த்தால் `while` பலமுறை சுற்றக்கூடும் என்பது உண்மை. ஆனால் அதற்கான ரூபாயை முந்தைய எழுத்துகள் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

`while` எதற்கு என்று அதை `if` ஆக்கினேன். என் சோதனைகள் எல்லாம் சரியாகவே வந்தன. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். நானும் முதலில் எழுதியபோது இதைத்தான் செய்தேன், பல வாரம் தெரியவே இல்லை.

'கலகல கலப்பு' என்ற உரையில், நடுவில் ஓர் இடைவெளியோடு, 'கலகலப்பு' என்று தேடிப் பாருங்கள். அந்தச் சொல் அங்கே இல்லை. 'கலகல' நான்கும் பொருந்தியபின் இடைவெளி வருகிறது. `k` 4 இலிருந்து 2 ஆகிறது. இடைவெளி மூன்றாம் எழுத்தாகிய 'க'வோடும் பொருந்தவில்லை. `while` இருந்தால் இன்னொருமுறை சுற்றி 0க்குக் கொண்டுபோயிருக்கும். `if` ஒருமுறையோடு நின்றுவிடுகிறது. `k` 2 ஆகவே தங்கிவிடுகிறது. அதாவது, 'கல' பொருந்திவிட்டது, அடுத்த எழுத்துக்குப் போகலாம் என்று நிரல் நம்புகிறது. பின்னால் வரும் 'கலப்பு' அந்தப் பொய்க்கணக்கின் மேல் அழகாக ஏறி உட்கார, சொல் கிடைத்துவிட்டதாக 3 என்ற இடத்தைச் சொல்கிறது. அந்த இடத்திலிருந்து எட்டுக் குறியீடுகளை வெட்டிப் பார்த்தால் 'ல கலப்பு' என்று நிற்கும்.

கண்டுபிடிக்க இரண்டு வழிகள் உண்டு. கிடைத்த ஒவ்வோர் இடத்திலும் `text[s:s+len(p)] == p` என்று சரிபார்த்தால் இல்லாததை இருப்பதாகச் சொல்வது அம்பலமாகும். இருப்பதைத் தவறவிடுவது அதில் தெரியாது. அதற்கு `a`, `b` என்ற இரண்டே எழுத்துகளால் ஆன சிறுசிறு சரங்களை ஆயிரக்கணக்கில் உண்டாக்கி, பழைய முறையின் விடையோடு ஒப்பிட வேண்டும். எழுத்து வகைகள் குறைவாக இருந்தால்தான் பாதிப் பொருத்தங்கள் அடிக்கடி நிகழும்; 26 எழுத்தை வைத்துச் சோதித்தால் பிழை இருக்கும் பாதைக்கே நிரல் போகாது.

என்னிடம் உள்ள புத்தகத்தில் அட்டவணை -1 இல் தொடங்குகிறது. எண்களும் உங்களுடையதோடு ஒத்துப்போகவில்லை. எது சரி?

இரண்டும் சரியாகத்தான் இருக்கும். சிலர் ஒவ்வோர் எண்ணையும் ஓர் இடம் வலப்பக்கம் தள்ளி, முதலில் -1 வைப்பார்கள். 'கலகலப்பு'வுக்கு அது -1, 0, 0, 1, 2, 0. ஐந்தாம் எழுத்தில் தவறினால் ஐந்தாம் கட்டத்தையே பார்க்கலாம், ஒன்று கழிக்க வேண்டாம் என்பதுதான் வசதி.

இன்னொரு வடிவம் கொஞ்சம் கூர்மையானது. நான்காம் எழுத்தாகிய 'ல'வில் தவறினோம் என்றால், உரையில் இருப்பது 'ல' இல்லை என்பது தெரிந்துவிட்டது. அட்டவணை நம்மை இரண்டாம் எழுத்துக்கு அனுப்புகிறது, அதுவும் 'ல'. அங்கே ஒப்பிடுவது வீண். அப்படிப்பட்ட வீண் நிறுத்தங்களை முன்கூட்டியே தாண்டிவிட்டால் அட்டவணை -1, 0, -1, 0, 2, 0 ஆகும். தவிர்க்க வேண்டியது ஒன்றே: ஒரு புத்தகத்தின் அட்டவணையை எடுத்து இன்னொரு புத்தகத்தின் தேடல் நிரலோடு சேர்ப்பது.

தமிழ்க் கோப்பில் 'கல' என்று தேடினால் 'கல்', 'கலை', 'கலி' எல்லாம் வந்து நிற்கின்றன. நிரலில் பிழையா?

நிரலில் இல்லை, எது ஓர் எழுத்து என்பதில் நமக்கும் கணினிக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. யூனிகோடில் 'ல்' என்பது 'ல' என்ற குறியீடும் அதன்பின் புள்ளியும். 'லை' என்பது 'ல'வும் அதன்பின் ஐகாரக் குறியும். 'கல்' என்பதன் முதல் இரண்டு குறியீடுகள் 'கல'வேதான். 'கலகலப்பு' நமக்கு ஆறு எழுத்து. பைத்தானின் `len` 8 என்று சொல்லும்.

எளிய தீர்வு, சொல் கிடைத்தபின் அதற்கு அடுத்த குறியீடு புள்ளியோ உயிர்மெய்க் குறியோ இல்லை என்று பார்ப்பது. `s` சொல் தொடங்கும் இடம், `end` என்பது `s + len(p)`:

```python
import unicodedata

def ends_cleanly(text, end):
    if end == len(text):
        return True
    return not unicodedata.category(text[end]).startswith("M")
```

அல்லது, உரையையும் சொல்லையும் முன்பே எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பட்டியலாக்கித் தேடலாம். மேலே உள்ள இரண்டு நிரல்களும் பட்டியல்களை அப்படியே ஏற்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறியை `U+0BCA` என்ற ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம். `U+0BC6`, `U+0BBE` என்று எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தேடலோ 'இல்லை' என்று சாதிக்கும். தேடும் முன் உரை, சொல் இரண்டையும் `unicodedata.normalize("NFC", s)` வழியாக அனுப்பிவிடுங்கள்.

புணர்ச்சியை மட்டும் இந்த முறை அறியாது. 'கலகலப்பு' என்று தேடினால் 'கலகலப்பாக', 'கலகலப்பான' கிடைக்காது, கடைசிக் குறி மாறிவிடுகிறதே. அவையும் வேண்டுமென்றால் 'கலகலப்ப' என்று தேடி, மேலே சொன்ன முடிவுச் சோதனையை விட்டுவிட வேண்டும்.

கோப்பு மிகப் பெரியது, நினைவகத்தில் கொள்ளாது. துண்டு துண்டாகப் படித்தால் எல்லையில் வெட்டுப்படும் சொல் தவறிவிடாதா?

இந்த முறையின் உண்மையான பலம் வெளிப்படுவது இங்கேதான். உரையில் எப்போதும் பின்வாங்குவதில்லை என்பதால், படித்த துண்டைத் தூக்கி எறிந்துவிடலாம். அடுத்த துண்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டியது `k` என்ற ஒரே எண். 'கலக' என்று ஒரு துண்டு முடிந்தால் `k` 3. அடுத்த துண்டு 'லப்பு' என்று தொடங்கினால் தேடல் அங்கிருந்தே தொடரும். செய்யக் கூடாதது ஒன்றுதான்: துண்டு மாறும்போது `k`வைப் பூஜ்யமாக்குவது. கிடைத்த இடத்தைச் சொல்ல, இதுவரை கடந்த மொத்த நீளத்தையும் ஒரு மாறியில் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

பழைய முறையில் இதைச் செய்ய, ஒவ்வொரு துண்டின் வாலையும் சொல்லின் நீளத்துக்கு ஒன்று குறைவாக வெட்டி அடுத்த துண்டின் தலையில் ஒட்ட வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் அந்த ஒட்டுவேலையில்தான் பிழைகள் குடியேறும்.

தமிழ்க் கோப்பை 4096 பைட் துண்டுகளாகப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 4096 மூன்றால் வகுபடாது. ஆகவே துண்டின் முனையில் ஓர் எழுத்து நடுவே அறுபடக்கூடும். அப்படி அறுபட்ட துண்டைத் தனியாகச் சரமாக மாற்ற முயன்றால் `UnicodeDecodeError` வரும். சொல்லையும் பைட்களாக்கி, பைட்களிலேயே தேடுங்கள். யூடிஎஃப்-8 அமைப்பின்படி ஒரு குறியீட்டின் நடுவிலிருந்து பொய்யான பொருத்தம் எழாது.

இதை யார் கண்டுபிடித்தது?

டொனால்ட் கனூத், ஜேம்ஸ் மோரிஸ், வான் பிராட் மூவரும் 1977இல் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையால் இது மூவரின் முதலெழுத்துகளோடு `KMP` என்று அழைக்கப்படுகிறது. ஆனால் மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கண்டுபிடித்ததில்லை. மோரிஸ் சி.டி.சி. 6400 கணினிக்கு ஓர் உரைத்திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோது, உரையில் பின்னால் போவதைத் தவிர்க்க வேண்டும் என்ற நடைமுறைத் தேவையிலிருந்து இதற்கு வந்தார். கனூத் வந்த வழி வேறு: ஒருவகைத் தானியங்கிகளைப் பற்றி ஸ்டீபன் குக் நிறுவிய ஒரு தேற்றத்திலிருந்து படிப்படியாக இறங்கி இதே இடத்தை அடைந்தார்.

அந்தக் கட்டுரையிலேயே எனக்குப் பிடித்த ஒரு செய்தி இருக்கிறது. மோரிஸ் எழுதிய நிரல், உடன் வேலை செய்தவர்களுக்குப் புரியவில்லை. சில மாதங்கள் கழித்து அவர் பார்த்தபோது, யாரோ 'சரிசெய்கிறேன்' என்று அதைக் குலைத்து வைத்திருந்தார்களாம். `while` வரியைப் பார்த்துக் கைபரபரக்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லிவைப்பேன்.

பைத்தானில் `in`, `find` எல்லாம் இருக்கும்போது நானே எழுத வேண்டுமா?

நினைவகத்தில் இருக்கும் சரத்தில் ஒரு சொல்லைத் தேட, வேண்டாம். அவை சி மொழியில் எழுதப்பட்டவை. நாம் பைத்தானில் எழுதுவது அவற்றோடு ஓட முடியாது. பைத்தான் 3.10 முதல், நீண்ட சரங்களுக்கு மோசமான நிலையிலும் உரையின் நீளத்துக்கு நேர்விகிதமான நேரத்தில் முடியும் வேறொரு முறையை அவை பயன்படுத்துகின்றன.

இயல்பான உரையில் வேகம் மட்டுமே வேண்டுமென்றால், அதே 1977இல் வெளிவந்த பாயர்–மூர் முறை பெரும்பாலும் முந்திவிடும். அது சொல்லின் கடைசி எழுத்திலிருந்து ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் உரையின் பல எழுத்துகளைப் படிக்காமலே தாவிவிடுகிறது. முன்னொட்டு அட்டவணை முறை ஓர் எழுத்தையும் தாவாது, எல்லாவற்றையும் படிக்கும். ஆகவே இதை நீங்களே எழுதுவதற்கு மூன்று காரணங்கள்தான் நியாயமானவை: தரவு ஓடையாக வந்து போய்விடுகிறது, பின்னால் போக முடியாது; தேடுவது எழுத்துகளில் அல்ல, எண்களையோ ஸ்வரங்களையோ கொண்ட பட்டியலில்; அல்லது உங்களுக்கு வேண்டியது தேடலே இல்லை, அட்டவணைதான்.

தேடலுக்கு இல்லாமல் அட்டவணையை மட்டும் யாராவது பயன்படுத்துவார்களா?

நான் அடிக்கடி பயன்படுத்துவது அப்படித்தான். ஒரு சொல் ஏதோ ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிச் சொல்லி உருவானதா என்று அட்டவணையின் கடைசி எண்ணே சொல்லிவிடும். சொல்லின் நீளத்திலிருந்து அந்த எண்ணைக் கழியுங்கள். கடைசி எண் பூஜ்யமாக இல்லாமல், கழித்து வந்தது நீளத்தை மீதியின்றி வகுத்தால், அவ்வளவு நீளத் துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

'கலகல'வின் கடைசி எண் 2, நீளம் 4, கழித்தால் 2. நான்கை இரண்டு வகுக்கும்: 'கல' இருமுறை. 'கிடுகிடு'வும் எழுத்துக் கணக்கில் அப்படியே. 'கலகலக' என்று ஐந்து எழுத்து இருந்தால் கடைசி எண் 3, கழித்தால் 2, ஐந்தை இரண்டு வகுக்காது. முழுமையான திரும்பல் இல்லை.

சொற்பட்டியல் ஒன்றிலிருந்து இரட்டைக்கிளவிகளைப் பொறுக்க இதை ஓடவிட்டுப் பாருங்கள். 'சலசல', 'பளபள', 'மளமள' எல்லாம் வந்து விழும். கூடவே 'மாமா'வும் வந்து நிற்பார். அவரைக் கையால்தான் வெளியே அனுப்ப வேண்டும்.